வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிப்பது: ஜவுளிக்கடை கல்லாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"ஏனுங்க, இந்த 799-ல வரி எவ்வளவுங்க?" என்று வாடிக்கையாளர் கேட்டால், கல்லாவுக்குப் புதிதாக வந்தவர் கால்குலேட்டரில் 799-க்கு 5 சதவீதம் போட்டு 39.95 என்று சொல்லிவிடுவார். சரியான விடை 38.05. ஒரு சட்டையில் 1.90 ரூபாய்தான் வித்தியாசம். மாதம் 200 சட்டை விற்றால் கணக்கு 380 ரூபாய் பிசகும்.

இது ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கத்துச் சில்லறை ஜவுளிக்கடைகளை மனதில் வைத்து எழுதியது. ஜிஎஸ்டி வரி சேர்ந்த விலையை எடுத்து, வரிக்கு முந்தைய விலை எவ்வளவு, வரி எவ்வளவு என்று பின்னோக்கிப் பிரிப்பதுதான் வேலை. வகுத்தல் ஒரு நிமிடத்தில் பழகிவிடும். ஆயத்த ஆடைக்கு எந்த விகிதம் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் அந்தப் பகுதி மட்டும் இங்கே நீளமாக இருக்கும்.

1. வகுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், அட்டையில் உள்ள விலை வரி சேர்ந்ததுதானா என்று பாருங்கள். எம்ஆர்பி என்று அச்சிட்டிருந்தால் எல்லா வரிகளும் அதற்குள் அடக்கம். காதர்பேட்டை மொத்தக் கடையில் கைப்பட எழுதிக் கொடுக்கும் சீட்டு அப்படியல்ல. அங்கே பெரும்பாலும் வரி இல்லாத விலையைச் சொல்லி, பில்லில் வரியைத் தனியாக ஏற்றுவார்கள். ஏற்கெனவே வரி இல்லாத விலையை மறுபடியும் வகுத்தால் இருமுறை கழித்ததாகிவிடும்.

இரண்டாவது, விற்பவர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறாரா என்பது. அந்தத் திட்டத்தில் உள்ளவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அவர் தருவது வரி இல்லாத விற்பனைச் சீட்டு, தான் வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்பதை அதன் தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார். அந்த விலைக்குள் பிரித்தெடுக்க வரி என்று ஒன்று கிடையாது. வேலை அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, தள்ளுபடி போக வாடிக்கையாளர் கொடுக்கும் கடைசி விலை. தள்ளுபடியை முதலில் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். விற்கும்போதே கொடுத்து, பில்லிலும் காட்டிய தள்ளுபடிக்கு வரி கிடையாது. அட்டை விலையை வகுத்துவிட்டு அப்புறம் தள்ளுபடியைக் கழித்தால், வாங்காத பணத்துக்கும் வரி கட்டியதாகும்.

நான்காவது விகிதம். அதைக் கணக்கு முறைக்குப் பிறகு பார்ப்போம்.

2. 100 அல்ல, 105

வரி ஏறும்போது அது வரிக்கு முந்தைய விலையின் மேல் ஏறுகிறது. 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் என்றால் 180 சேர்ந்து 1,180. அதாவது வரிக்கு முந்தைய விலையை 100 பங்கு என்று வைத்தால், கடையில் தொங்கும் விலை 118 பங்கு. 5 சதவீதம் என்றால் 105 பங்கு.

பின்னோக்கி வரும்போது 1,180-ல் 18 சதவீதம் எடுத்தால் 212.40 வருகிறது. இது 118 பங்கின் மேல் போட்ட சதவீதம். நமக்கு வேண்டியது 100 பங்கின் மேல் போட்டது. அதைக் கழித்தால் 967.60 கிடைக்கும். அதற்கு 18 சதவீதம் ஏற்றிப் பாருங்கள், 1,141.77 தான் வரும். மீதி 38.23 ரூபாய் எங்கே போனது என்று தேடினால் கிடைக்காது, முதல் கழித்தலே தப்பு.

ஆகவே, விலையை 118 பங்காக உடைத்து, அதில் 100 பங்கை எடுக்க வேண்டும்:

```
வரிக்கு முந்தைய விலை = விலை × 100 ÷ (100 + விகிதம்)
வரி = விலை − வரிக்கு முந்தைய விலை
```

வரியைத் தனியாக இன்னொரு தடவை பெருக்கிக் கண்டுபிடிக்காமல், விலையிலிருந்து கழித்தே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கழித்து எடுத்தால் இரண்டும் சேர்ந்து வாங்கிய தொகைக்கு நிச்சயம் சமமாக இருக்கும்.

3. கால்குலேட்டரில் போடும் வரிசை

799 ரூபாய்ச் சட்டை, 5 சதவீதம். 799-ஐ 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 760.952 என்று போகும், 760.95 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 799-ல் கழித்தால் வரி 38.05.

நடுவில் வட்டப்படுத்தக் கூடாது. 799 ÷ 105 = 7.6095. இதை 7.61 என்று எழுதி வைத்துக்கொண்டு 100-ஆல் பெருக்கினால் 761 ஆகிவிடும், ஐந்து பைசா தள்ளிப்போகும். கால்குலேட்டரில் உள்ள எண்ணை அழிக்காமல் அப்படியே தொடருங்கள், கடைசியில் மட்டும் இரண்டு தசமத்துக்கு வட்டப்படுத்துங்கள்.

5 சதவீதத்துக்கு ஒரு குறுக்கு வழி: விலையை 21-ஆல் வகுத்தால் நேராக வரி வந்துவிடும். 105 பங்கில் 5 பங்கு என்பது 21-ல் ஒரு பங்கு, அவ்வளவுதான். 799 ÷ 21 = 38.05. ஜவுளிக்கடையில் பெரும்பாலான சரக்கு 5 சதவீதம் என்பதால் இந்த 21-ஐ மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை ஓடும். 18 சதவீதத்துக்கு இவ்வளவு எளிய எண் கிடையாது. 9-ஆல் பெருக்கி 59-ஆல் வகுக்க வேண்டும், அதற்கு 118 வழியே மேல்.

சதவீதப் பொத்தானில் கவனம் தேவை. சாதாரணக் கால்குலேட்டர்கள் பலவற்றில் 1180 − 18 % என்று அழுத்தினால் 967.60 காட்டும். மேலே பார்த்த அதே தவறு. சில கால்குலேட்டர்களில் GST- என்று தனிப் பொத்தான் இருக்கும். அதை நம்புவதற்கு முன் 1180 போட்டு 18 சதவீதத்துக்கு அழுத்திப் பாருங்கள். 1000 வந்தால் சரியாக அமைத்திருக்கிறார்கள்.

எக்செல் தாளில் A2-ல் விலை, B2-ல் விகிதம் (5 அல்லது 18 என்று, சதவீதக் குறி இல்லாமல்) வைத்தால்:

```
C2: =ROUND(A2*100/(100+B2),2)
D2: =A2-C2
```

B2 கட்டம் சதவீத வடிவத்தில் இருந்தால், 18 என்று நீங்கள் அடித்தது உள்ளே 0.18 ஆகப் பதிவாகும். அப்போது வரி அநியாயத்துக்குக் குறைவாக, 1,180-க்கு 2 ரூபாய்ச் சொச்சம் என்று காட்டும். அப்படிக் கண்டால் சூத்திரத்தைத் தொடாதீர்கள், கட்டத்தின் வடிவத்தை மாற்றுங்கள்.

4. இரண்டாகப் பிரித்தல்

தமிழ்நாட்டுக்குள் விற்றால் வரி பாதி சிஜிஎஸ்டி, பாதி எஸ்ஜிஎஸ்டி. பொள்ளாச்சிக் கடையிலிருந்து பாலக்காட்டு முகவரிக்குச் சரக்கு அனுப்பினால் முழுவதும் ஐஜிஎஸ்டி. மொத்த வரி இரண்டிலும் ஒன்றுதான், அதனால் பின்னோக்கிய கணக்கு மாறாது.

பிரிக்கும்போது ஒரு பைசாத் தகராறு வரும். 38.05-ஐ இரண்டாக வெட்டினால் 19.025. ஒன்றை 19.03 என்றும் மற்றதை 19.02 என்றும் போட முடியாது, இரண்டும் ஒரே விகிதம் என்பதால் ஒரே தொகையாக இருக்க வேண்டும். 760.95-க்கு 2.5 சதவீதம் 19.02. இரண்டும் சேர்ந்து 38.04. கூட்டினால் 798.99 வரும். குறையும் ஒரு பைசாவை பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்ற இடத்தில் காட்டிவிடுங்கள். புதியவர்கள் இந்த ஒரு பைசாவைச் சரிக்கட்ட விலையையே மாற்றிப் பார்த்து அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள். அதற்குத்தான் அந்த இடம் இருக்கிறது.

5. ஆடைக்கு எந்த விகிதம்?

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு இரண்டு விகிதங்கள். ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். இந்த 2,500 என்பது வரிக்கு முந்தைய மதிப்பு. அட்டை விலை அல்ல, எம்ஆர்பியும் அல்ல.

சிக்கல் இங்கேதான். விகிதம் தெரிந்தால்தான் வரிக்கு முந்தைய விலையைக் கண்டுபிடிக்க முடியும். வரிக்கு முந்தைய விலை தெரிந்தால்தான் விகிதத்தைச் சொல்ல முடியும். ஒன்றை வைத்துப் பார்த்து, பொருந்துகிறதா என்று சோதிப்பதுதான் வழி. வரிசை இது:

முதலில் 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். 2,500 அல்லது அதற்குக் கீழே வந்தால் 5 சதவீதம், வேலை முடிந்தது. மேலே போனால், அதே விலையை 118-ஆல் வகுங்கள். இப்போது 2,500-ஐத் தாண்டி வந்தால் 18 சதவீதம்.

2,599 ரூபாய் அட்டையைப் பாருங்கள். 2,500-ஐத் தாண்டிவிட்டது என்று பலர் உடனே 18 போட்டுவிடுகிறார்கள். 105-ஆல் வகுத்தால் 2,475.24 தான். ஆகவே 5 சதவீதம், வரி 123.76. அட்டையைப் பார்த்து விகிதம் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

2,500 என்பது உருப்படிக்கு, பில்லுக்கு அல்ல. 799 ரூபாய்ச் சட்டை ஐந்து எடுத்தால் பில் 3,995. அதற்காக 18 சதவீதம் ஏறாது, ஒவ்வொரு சட்டைக்கும் 5-தான். தைக்காத சேலை துணிக் கணக்கில் வருவதால் இந்த வரம்பே அதற்குக் கிடையாது. பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுச்சேலைக்கும் 105-ஆல்தான் வகுக்க வேண்டும்.

6. எந்த விகிதத்துக்கும் பொருந்தாத விலைகள்

மேலே சொன்ன இரண்டு சோதனைகளிலும் தோற்கும் விலைகள் உண்டு. மென்பொருளை மட்டும் நம்பி பில் போடுபவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஒரு ஜாக்கெட், அட்டை விலை 2,999. 105-ஆல் வகுத்தால் 2,856.19, வரம்பைத் தாண்டுகிறது. 118-ஆல் வகுத்தால் 2,541.53. அதுவும் 2,500-க்கு மேலே, ஆகவே 18 சதவீதம் பொருந்துகிறது. வரி 457.47.

ஆடித் தள்ளுபடி 10 சதவீதம் என்று போர்டு வைக்கிறார்கள். விலை 2,699.10 ஆகிறது. 105-ஆல் வகுத்தால் 2,570.57. இது 2,500-க்கு மேல், எனவே 5 சதவீதம் செல்லாது. 118-ஆல் வகுத்தால் 2,287.37. இது 2,500-க்குக் கீழ், எனவே 18 சதவீதமும் செல்லாது.

காரணம் எளிது. 5 சதவீதத்தில் வரக்கூடிய மிக உயர்ந்த கடை விலை 2,625, அதாவது 2,500-உடன் 125. 18 சதவீதம் தொடங்குவது 2,500-ஐத் தாண்டிய பிறகு, அதாவது கடை விலை 2,950-ஐத் தாண்டிய பிறகு. 2,625-க்கு மேல் 2,950 வரை உள்ள எந்த விலையையும் முன்னோக்கிக் கணக்குப் போட்டு அடையவே முடியாது. அடைய முடியாத இடத்திலிருந்து பின்னோக்கியும் வர முடியாது.

இந்த இடைவெளியில் ஏதாவதொரு விகிதத்தைப் போட்டு பில்லை முடித்துவிடுவது தவறு. 5 போட்டால் வரி குறைவாக வசூலித்ததாகும், பிறகு கடை தன் கையிலிருந்து கட்ட நேரும். 18 போட்டால் தேவைக்கு மேல் வசூலித்ததாகும். வரி என்ற பெயரில் வாங்கிய பணம் கடைக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் செலுத்தியாக வேண்டும்.

ஆகவே மாற்ற வேண்டியது விலையைத்தான். எவ்வளவு மாற்றுவது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 2,999-க்கு விற்றால் வரி போகக் கடைக்கு நிற்பது 2,541.53. 2,625-க்கு விற்றால் நிற்பது 2,500. வாடிக்கையாளருக்கு 374 ரூபாய் குறைகிறது, கடைக்குக் குறைவது 41.53 மட்டும். மீதியெல்லாம் வரி. தள்ளுபடிக் காலத்தில் இந்த விலையில் உள்ள சரக்கை 10 சதவீதம் என்று வெட்டாமல் 2,625-ல் அட்டை மாற்றினால் இரு தரப்புக்கும் லாபம்.

அட்டை விலையில்தான் சதவீதம் சொல்ல வேண்டும் என்றால் 15 சதவீதம் பொருந்தும். 2,999-ல் 15 சதவீதம் போக 2,549.15. 105-ஆல் வகுத்தால் 2,427.76, வரம்புக்குள். வரி 121.39.

இன்னொரு வழி, தள்ளுபடியை வரிக்கு முந்தைய விலையில் கொடுப்பது. 2,541.53-ல் 10 சதவீதம் போக 2,287.38. இப்போது வரம்புக்குள் வந்துவிட்டதால் 5 சதவீதம் ஏற்றினால் 2,401.75. 10 சதவீதத் தள்ளுபடி வாடிக்கையாளர் கண்ணுக்கு ஏறக்குறைய 20 சதவீதமாகத் தெரியும். எந்த வழி என்பது முதலாளியின் முடிவு. எந்த வழியானாலும் கடைசி விலையை ஒருமுறை 105 சோதனையில் போட்டுப் பார்த்துவிட்டு அட்டை ஒட்டுங்கள்.

பில்லிங் மென்பொருளில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே விகிதத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால், தள்ளுபடி கொடுத்த பிறகும் அது பழைய 18-ஐயே பிடித்துக்கொண்டிருக்கும். 2,500 வரம்பைப் பார்த்து விகிதம் மாறும்படி அமைக்க முடியுமா என்று மென்பொருள்காரரிடம் கேட்டு, 2,549.15 விலையில் ஒரு மாதிரி பில் போட்டுச் சரிபாருங்கள். வரி 121.39-ஐ ஒட்டி வரவேண்டும். 388.85 வந்தால் இன்னும் 18-ல்தான் நிற்கிறது.

7. ஒரே பில்லில் பல விகிதங்கள்

ஜவுளியோடு மளிகையும் வீட்டுச் சாமானும் விற்கும் கடைகள் கோபி, தாராபுரம் பக்கம் நிறைய. அங்கே ஒரு பில்லில் 4,130 ரூபாய் மிக்ஸியும் 315 ரூபாய்த் தேங்காய் எண்ணெயும் இருக்கின்றன, மொத்தம் 4,445. மிக்ஸி 18 சதவீதம்: 3,500-உடன் வரி 630. எண்ணெய் 5 சதவீதம்: 300-உடன் வரி 15. மொத்த வரி 645.

மொத்தத்தை 118-ஆல் வகுத்தால் வரி 678.05 என்று வரும், 33.05 ரூபாய் அதிகம். மொத்தத் தொகைக்குள் எந்தப் பொருள் எவ்வளவு என்ற விவரம் கிடையாது, அதனால் அதிலிருந்து வரியைப் பிரிக்கவே முடியாது. பொருள்வாரியாகப் பிரித்துவிட்டுக் கூட்டுவது ஒன்றே வழி. அன்றைய யுபிஐ வசூலை அப்படியே எடுத்து ஒரு விகிதத்தில் வகுப்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அந்த வசூலில் வரியே இல்லாத சில்லறை அரிசியும் கலந்திருக்கலாம்.

அரிசியில் இன்னொரு நுணுக்கம். பெயர், எடை அச்சிட்டுப் பையில் அடைத்த 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீதம். 26 கிலோ சிப்பத்துக்கு வரி இல்லை. ஒரே அரிசியானாலும் பையின் எடையைப் பார்க்காமல் வகுக்கக் கூடாது.

8. பழைய பில்கள்

விகிதம் விற்ற நாளைப் பொறுத்தது, நீங்கள் கணக்குப் பார்க்கும் நாளைப் பொறுத்ததல்ல. 2025 செப்டம்பர் 21 வரை ஆயத்த ஆடைக்கு வரம்பு 1,000 ரூபாய். அதுவரை 5, அதற்கு மேல் 12 சதவீதம். 2025 ஆகஸ்டில் 1,344 ரூபாய்க்கு விற்ற சட்டையை இன்றைய பழக்கத்தில் 105-ஆல் வகுத்தால் வரி 64 என்று வரும். அன்றைய 112-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை 1,200, வரி 144.

தணிக்கைக்குப் பழைய பில்களை எடுக்கும்போதும், அந்த பில்லுக்குச் சரக்குத் திரும்பி கிரெடிட் நோட் போடும்போதும் விற்ற அன்றைய விகிதம்தான். அந்தக் காலத்துக்கும் ஓர் இடைவெளி உண்டு: 1,050-க்கு மேல் 1,120 வரை. அந்த இடைவெளிக்குள் விலை போட்ட பழைய பில் கண்ணில் பட்டால் தனியே எடுத்து வைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.